எக்ஸ்டர்னல் டிரைவில் கேம் இழுக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

மன்னார்குடியில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். செமஸ்டர் லீவ் விட்டால் போதும், கையில் எக்ஸ்டர்னல் டிரைவோடு பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். லேப்டாப்பில் இருப்பது 512 ஜிபி, விண்டோஸும் காலேஜ் சாஃப்ட்வேரும் போக இரண்டு பெரிய கேம் போட்டாலே நிரம்பிவிடும். அதனால் மீதியை வெளி டிரைவில் போட்டு அங்கிருந்தே ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டலாம், தவறே இல்லை. ஆனால் மெதுவாக இருந்தால் எல்லாரும் முதலில் டிரைவைத்தான் குறை சொல்கிறார்கள். என்னிடம் வருவதில் பெரும்பாலானவற்றில் டிரைவ் நன்றாகத்தான் இருக்கும். கேபிளோ போர்ட்டோ கரண்டோதான் சிக்கலாக இருக்கும். அதனால் செலவில்லாததிலிருந்து ஆரம்பித்து, செலவுள்ளதைக் கடைசியில் வைத்து எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள், ஆனால் அதற்கு முன் கீழே இருக்கிற ஒரு சோதனையை மட்டும் செய்துவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

டிரைவில் உள்ள ஒரு பெரிய ஃபைலை, 5 ஜிபிக்கு மேல் இருந்தால் நல்லது, லேப்டாப்பின் உள் டிஸ்குக்கு காப்பி போடுங்கள். காப்பி ஓடும்போது `Task Manager` திறந்து `Performance` பக்கத்தில் அந்த டிரைவைத் தேர்ந்தெடுத்து இரண்டு எண்களைப் பாருங்கள்: `Active time`, `Read speed`. அதே ஃபைலை இரண்டாவது தடவை காப்பி போட்டுப் பார்க்காதீர்கள், விண்டோஸ் அதை ரேமிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும், டிரைவ் பறக்கிற மாதிரி ஒரு பொய்யான எண் வரும். ஒவ்வொரு தடவையும் வேறு ஃபைல்.

வேகம் நொடிக்கு 35 முதல் 42 எம்பிக்குள் கோடு போட்ட மாதிரி நிலையாக நின்றால் இணைப்பு யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம், அறிகுறி 1-க்குப் போங்கள். 100 முதல் 140 வரை வந்தால் அது சுழலும் ஹார்ட் டிஸ்க், இணைப்பு நன்றாகவே இருக்கிறது. 400 முதல் 450 வரை வந்தால் 5 ஜிபிபிஎஸ் போர்ட்டில் எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓடுகிறது, அதற்கு மேல் அந்தப் போர்ட்டிலிருந்து எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

கமாண்டில் பார்க்க விரும்பினால் அட்மினாக டெர்மினல் திறந்து இதைக் கொடுக்கலாம், `e` என்ற இடத்தில் உங்கள் டிரைவ் எழுத்து:

```
winsat disk -seq -read -drive e
```

## அறிகுறி 1: எல்லாமே மெதுவாக இருக்கிறது, காப்பி வேகம் 40-ஐத் தாண்டவே இல்லை

யூஎஸ்பி 2.0-வின் உச்ச வரம்பு 480 எம்பிபிஎஸ். கணக்குக்கு 60 எம்பி வரும், நடைமுறையில் 40 தாண்டுவது அபூர்வம். 100 ஜிபி கேம் ஒன்றை இந்த வேகத்தில் நகர்த்தினால் முக்கால் மணி நேரம் ஆகும். அதையே 5 ஜிபிபிஎஸ் இணைப்பில் எஸ்எஸ்டி நான்கைந்து நிமிடத்தில் முடித்துவிடும். கேமுக்குள்ளும் அதே கதைதான், லோடிங் பட்டை நகரவே நகராது.

இதில் மோசமான விஷயம், இணைப்பு இப்படி இறங்கும்போது பெரும்பாலும் விண்டோஸ் வாயே திறக்காது. டிரைவ் தெரியும், ஃபைல் திறக்கும், கேமும் ஓடும். மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

கேபிள். முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான். போனோடு வருகிற சார்ஜர் கேபிளில் பெரும்பாலானவை, டைப்-சி முனை இருந்தாலும், உள்ளே யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டுமே கொண்டவை. 65 வாட், 100 வாட் என்று அச்சிட்டிருந்தால் சார்ஜ் வேகமாக ஏறும் என்றுதான் பொருள், டேட்டா வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கையில் பிடித்துப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. தடியாக இருக்கும் சார்ஜர் கேபிள் 480-லும் மெல்லிய கேபிள் 10 ஜிபிபிஎஸ்ஸிலும் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். டிரைவோடு பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். அது தொலைந்துபோயிருந்தால் 5 அல்லது 10 ஜிபிபிஎஸ் என்று டேட்டா வேகம் எழுதியிருக்கும் கேபிளாக வாங்குங்கள், ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும்.

பழைய ஹார்ட் டிஸ்குகளில் ஒரு அகலமான பிளக் வரும், இரண்டு துண்டாகப் பிரிந்த மாதிரி இருக்கும். அதன் பெரிய பாதிக்குள் சாதாரண பழைய போன் கேபிளின் மைக்ரோ யூஎஸ்பி முனை கச்சிதமாக நுழையும், டிரைவும் ஓடும். ஆனால் வேகக் கம்பிகள் எல்லாம் அந்தக் காலியாக இருக்கும் சின்னப் பாதியில்தான் இருக்கின்றன. அங்கே பிளக் இல்லாமல் வெறும் ஓட்டை தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், காரணம் அதுதான்.

செருகிய விதம். நம்ப மாட்டீர்கள், ஆனால் நடக்கிறது. ஏ-வகை பிளக்கில் பழைய 2.0 பின்கள் முன்னாலும், வேகப் பின்கள் உள்ளே தள்ளியும் இருக்கும். மெதுவாக நுழைத்தாலோ, முழுக்க உள்ளே போகாமல் நின்றாலோ, 2.0 பின்கள் முதலில் தொட்டு அந்த வேகத்திலேயே இணைப்பு நிலைத்துவிடும். கழற்றி, ஒரே தள்ளாகச் செருகிப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமிருந்து வரும் லேப்டாப்புகளில் உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்திருக்கும், இந்த வகைச் சிக்கல் அங்கே கூடுதல். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைச் சின்ன பிரஷில் தொட்டு, மெஷினை அணைத்துவிட்டுத் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெய் வைத்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு, வேண்டாம் அந்த வைத்தியம்.

போர்ட். குறைந்த விலை லேப்டாப்புகளில் ஒரு பக்கம் 5 ஜிபிபிஎஸ் போர்ட்டும், இன்னொரு பக்கம் 2.0 போர்ட்டும் இருப்பது சகஜம். நீல நிறம் ஒரு அடையாளம், ஆனால் எல்லாக் கம்பெனியும் அதைப் பின்பற்றுவதில்லை. பக்கத்தில் எஸ்எஸ் என்ற குறி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மாடல் நம்பரைப் போட்டு விவரப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். டைப்-சி போர்ட் என்றாலே வேகம் என்றும் நம்பிவிட வேண்டாம், அது அந்த ஓட்டையின் வடிவம்தான். டெஸ்க்டாப் என்றால் கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் போடுங்கள்.

எது எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று நேராகப் பார்க்க `UsbTreeView` என்று ஒரு சின்ன இலவச புரோகிராம் இருக்கிறது. உங்கள் டிரைவுக்கு நேராக `Super-Speed` என்று இருந்தால் 5 ஜிபிபிஎஸ் அல்லது அதற்கு மேல். `High-Speed` என்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அதுதான் அந்த 480. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கொடுத்தால் 480M, 5000M, 10000M என்று எண்ணாகவே காட்டும்:

```
lsusb -t
```

திருவாரூரில் படிக்கும் ஒரு தம்பி கொண்டுவந்ததைச் சொன்னால் இது முழுசாகப் புரியும். 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி, டைப்-சி கேஸில் போட்டது. “அண்ணே, டிரைவ் போயிடுச்சு போல, ஜிடிஏ லோட் ஆகுறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம்” என்றான். காப்பி போட்டால் 38-லேயே நின்றது. கேபிளைப் பார்த்தால் போன் சார்ஜருடையது. கடையிலிருந்த நல்ல கேபிளை மாட்டினேன், அதே 38. இந்த இடத்தில்தான் பலர் டிரைவே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். `UsbTreeView`-வில் இன்னும் `High-Speed` என்றுதான் இருந்தது, அப்படியானால் டிரைவ் வரைக்கும் போகத் தேவையே இல்லை, இணைப்பே இன்னும் ஏறவில்லை. அவன் டிரைவைச் செருகியிருந்தது இடது பக்கம். வலது பக்கம் ஒரு போர்ட், அதில் மவுஸின் குட்டி ரிசீவர். மாற்றிப் போட்டதும் `Super-Speed`, காப்பி 410-ஐத் தொட்டது. 5 ஜிபிபிஎஸ் போர்ட்டை மவுஸுக்குக் கொடுத்துவிட்டு, மவுஸுக்கென்று இருந்த 2.0 போர்ட்டில் டிரைவை ஓட்டியிருக்கிறான். கேபிளும் தப்பு, போர்ட்டும் தப்பு. ஒன்றை மட்டும் மாற்றினால் எந்த வித்தியாசமும் தெரியாது, அதனால் இரண்டையும் சேர்த்து மாற்றிப் பார்க்காமல் டிரைவைக் குற்றம் சொல்லாதீர்கள்.

கடைசியாக கேஸ். வேறு கம்ப்யூட்டரில், நல்ல கேபிளில், வேகமான போர்ட்டில் போட்டும் 40 என்றால் அந்த டிரைவின் கேஸில் உள்ள போர்டோ சாக்கெட்டோ போயிருக்கலாம். தனியாக வாங்கிய கேஸ் என்றால் கேஸை மட்டும் மாற்றினால் போதும், சில நூறு ரூபாயோடு முடியும், உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது. கம்பெனி தயாரிப்பாக மூடி வரும் சில ஹார்ட் டிஸ்குகளில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதை வீட்டில் பிரிக்க வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. 10 ஜிபிபிஎஸ் என்று எழுதிய டிரைவை வாங்கி, 5 ஜிபிபிஎஸ் போர்ட்டில் போட்டு, 450-தான் வருகிறது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு: அது பழுதில்லை, சங்கிலியில் எது மெதுவோ அதன் வேகம்தான் வரும். கேம் லோடிங்கில் 450-க்கும் 1000-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதும் குறைவுதான், ஏனென்றால் அந்த நேரத்தில் பாதி வேலை சுருக்கிவைத்த ஃபைலை விரிக்கும் சிபியுவுடையது. 20 ஜிபிபிஎஸ் என்று விற்பதை வாங்குவதற்கு முன் உங்கள் லேப்டாப்பில் அந்த வகைப் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்காது.

## அறிகுறி 2: லோடிங் முடிகிறது, ஆனால் விளையாடும்போது சட்டென்று நின்று நின்று போகிறது

வண்டியில் வேகமாகப் போனால் ரோடு மங்கலாக இருக்கிறது, கட்டடம் தாமதமாக முளைக்கிறது, புது ஏரியாவுக்குள் நுழைந்ததும் அரை நொடி உறைகிறது. கேம் ஓடும்போதே `Task Manager`-ஐ இன்னொரு திரையிலோ `Alt+Tab` போட்டோ பாருங்கள். உறையும் நேரத்தில் `Active time` 100% நின்று, `Read speed` மட்டும் 2, 3, 5 எம்பி என்று கீழே கிடந்தால் அது கேபிளின் குற்றமில்லை. ஹார்ட் டிஸ்கின் ஊசி இங்கும் அங்கும் ஓடி சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது 120 காட்டிய அதே டிஸ்க், சிதறிய 4 கேபி துண்டுகளைப் படிக்கச் சொன்னால் 1 எம்பிகூடத் தராது. இதற்கு எந்த கேபிளும் மருந்தில்லை.

`Active time` சும்மா 10%, 20% என்று இருந்தும் உறைகிறதென்றால் டிரைவை விட்டுவிடுங்கள், ரேமோ கிராபிக்ஸ் மெமரியோ போதாமல் இருக்கலாம்.

சரி, டிஸ்க்தான் காரணம் என்றால் செலவில்லாத வழிகள் சில உண்டு. பின்னணியில் ஸ்டீம் வேறு கேமை அதே டிஸ்கில் அப்டேட் செய்துகொண்டிருந்தால் நிறுத்துங்கள், ஊசி இரண்டு வேலைக்கு நடுவில் அல்லாடும். ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓடுகிறதா பாருங்கள். கேமில் டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைத்தால் படிக்க வேண்டிய டேட்டாவும் குறையும். பால்டர்ஸ் கேட் 3-இல் `Slow HDD Mode` என்றே ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

அதற்கு மேல் கேட்டால், எந்தக் கேமை ஹார்ட் டிஸ்கில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று பிரிப்பதுதான் தீர்வு. ஆரம்பத்தில் ஒரே தடவை எல்லாவற்றையும் ரேமுக்கு எடுத்துக்கொண்டு அப்புறம் டிஸ்க் பக்கம் அதிகம் வராத கேம்கள் எதிலும் ஓடும். சண்டை கேம்கள், ஃபுட்பால், கிரிக்கெட், ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட் மாதிரியானவை ஹார்ட் டிஸ்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும், சின்ன கேம்கள் என்றால் 2.0 போர்ட்டில்கூட ஓடிவிடும், ஆரம்ப லோடிங் மட்டும் கொஞ்சம் நீளும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஒரு நடுத்தர வகை: மேப் ஏறியபின் பிரச்சனை இல்லை, ஆனால் மேப் ஏறுவதற்குள் மற்றவர்கள் துப்பாக்கி வாங்கி ஓட ஆரம்பித்திருப்பார்கள்.

ஜிடிஏ 5-இன் பழைய பதிப்பு, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்றவை ஹார்ட் டிஸ்க் வைத்த கன்சோல்களுக்காக எழுதப்பட்டவை. 5 ஜிபிபிஎஸ் இணைப்பில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் விளையாடலாம். ஆரம்ப லோடிங் நீளம், விமானத்தில் தாழப் பறந்தால் தரை மங்கும், கதை முழுக்க முடிக்க அது தடையில்லை. ஸ்டார்ஃபீல்ட் எஸ்எஸ்டி கட்டாயம் என்று குறைந்தபட்சத் தேவையிலேயே சொல்லிவிட்டது. சைபர்பங்க் 2077 வந்தபோது ஹார்ட் டிஸ்கை ஏற்றுக்கொண்டது, 2023-இல் 2.0 அப்டேட்டோடு அதன் குறைந்தபட்சத் தேவையும் எஸ்எஸ்டி என்று மாறிவிட்டது. பால்டர்ஸ் கேட் 3-ம் எஸ்எஸ்டிதான் கேட்கிறது. இவை மாதிரியானவற்றை வெளி எஸ்எஸ்டியில், 5 ஜிபிபிஎஸ் இணைப்பில் வைத்தால் தாராளமாக ஓடும். வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டுக் கிராபிக்ஸ் கார்டைத் திட்டக் கூடாது.

பென் டிரைவில் கேம் போடலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். படிக்கும் வேகம் பெட்டியில் எழுதியபடி வந்தாலும், கேம் நடுவில் எதையாவது எழுதப் போனால் மூச்சு முட்டிவிடும், சூடும் அதிகம்.

இந்த அறிகுறியில் காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றுவது. சாட்டா எஸ்எஸ்டியும் ஒரு கேஸும் போதும். என்விஎம்இ எஸ்எஸ்டியைக் கேஸில் போட்டு ஓட்டுபவர்கள் அக்னி நட்சத்திர வெயிலில் மெத்தை மேல் வைத்து விளையாடினால், முதல் சில நிமிடம் வேகமாக இருந்துவிட்டு அப்புறம் சூட்டில் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கையில் தொட முடியாத சூடு என்றால் தரையிலோ டைல்ஸ் மேலோ வைத்துப் பாருங்கள்.

## அறிகுறி 3: விளையாடும்போதே டிரைவ் காணாமல் போய்விடுகிறது, கேம் மூடிக்கொள்கிறது

யூஎஸ்பி கழன்ற சத்தம் கேட்கும், சில நொடியில் மறுபடி இணைந்த சத்தம், ஆனால் கேம் அதற்குள் செத்திருக்கும். உறுதி செய்துகொள்ள `Event Viewer` திறந்து `Windows Logs`, `System` போங்கள். கேம் நின்ற அதே நிமிடத்தில் `disk` என்ற பெயரில் 157 இருந்தால் டிரைவ் திடீரென்று பிடுங்கப்பட்டதாக விண்டோஸ் பார்த்திருக்கிறது. `UASPStor` பெயரில் 129 வரிசையாக இருந்தால் டிரைவ் பதில் சொல்லாமல் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பப் பார்த்திருக்கிறது. எதுவுமே இல்லையென்றால் டிரைவை விடுங்கள், கேமைப் பாருங்கள்.

முதலில் கேபிளை அசைத்துப் பாருங்கள். லேசாகத் தொட்டாலே கழன்ற சத்தம் வந்தால் கேபிளோ சாக்கெட்டோ தளர்ந்திருக்கிறது. இன்னொரு கேபிளில் அசைவு தாங்கினால் வேலை முடிந்தது. இன்னொரு கேபிளிலும் அதே என்றால் சாக்கெட், அது பற்றவைக்கிற வேலை, கடைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து கரண்ட். 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. சின்ன ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போதும் ஊசி வேகமாக ஓடும்போதும் அதை ஒட்டியே இழுக்கும். அதையும் கீபோர்டையும் மவுஸையும் கரண்ட் பிளக் இல்லாத ஒரே ஹப்பில் மாட்டியிருந்தால் டெஸ்க்டாப்பில் ஐகான் பார்க்கும்வரை நன்றாக இருக்கும், கேம் கனமாக ஏறும்போது விழும். டிரைவை நேராக மெஷினில் போடுங்கள். போர்ட் தரும் கரண்ட் போதவில்லை என்றால் தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். நீட்டிப்பு கேபிள் போட்டிருந்தால் முதல் வேலையாக அதைத் தூக்கிப் போடுங்கள்.

பெரிய 3.5 அங்குல டிரைவ்களுக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வரும், அங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டில் சாயங்காலமானால் டிரைவ் விழுகிறது, காலையில் ஒரு பிரச்சனையும் இல்லை என்றார்கள். டெஸ்க்டாப் இன்வெர்ட்டர் லைன் பிளக்கில் இருந்தது, டிரைவின் அடாப்டர் மேஜைக்குப் பின்னால் சாதாரண லைனில். கரண்ட் ஒரு கணம் போய் வந்தால் கம்ப்யூட்டர் அசையாது, டிரைவ் மட்டும் அணைந்து எழும். ஃபேன் அந்த இன்வெர்ட்டரிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் கரண்ட் போனதே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அடாப்டரையும் அதே இன்வெர்ட்டர் லைன் பிளக்குக்கு மாற்றியதோடு சரி. அக்கம்பக்கத்தில் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் கிராமங்களிலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த பிளக்தான். பிளக் சரியாக இருந்தும் விழுந்தால் அடாப்டரே தளர்ந்திருக்கலாம், அதே வோல்டேஜ், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல் உள்ள ஒன்றை மாட்டிச் சோதியுங்கள். லேப்டாப் அடாப்டர் பின் பொருந்துகிறதே என்று 19 வோல்ட்டைச் செருகிவிடாதீர்கள், டிரைவின் போர்டு அந்த இடத்திலேயே போய்விடும்.

கரண்டும் கேபிளும் சரியென்றால் விண்டோஸின் மின்சேமிப்பு. `Power Options`-இல் `Change advanced power settings` போய் `USB selective suspend setting` என்பதை `Disabled` ஆக்குங்கள்.

திடீரென்று விழுந்த டிரைவில் ஃபைல் கெட்டிருக்கும் வாய்ப்பு உண்டு. முதலில் `CrystalDiskInfo`-வில் டிரைவின் நிலையைப் பாருங்கள், `Good` என்றால் மட்டும் இதை ஓட்டுங்கள்:

```
chkdsk e: /f
```

பிறகு ஸ்டீமில் அந்தக் கேமுக்கு `Verify integrity of game files` கொடுங்கள். டிரைவ் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருந்து, அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் நீங்கள் இருந்தால், ஒருநாள் உட்கார்ந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள். பாதியில் விழுந்தால் மீண்டு எழுவதற்கான பதிவேடு எக்ஸ்ஃபேட்டில் கிடையாது. மாற்றும்போது டிரைவ் காலியாகும், முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். `Device Manager`-இல் டிரைவின் `Policies` பக்கத்தில் `Better performance` போட்டால் வேகம் கூடும் என்று சொல்வார்கள், கொஞ்சம் கூடும்தான். ஆனால் எழுத வேண்டியது ரேமில் காத்திருக்கும், கரண்ட் போனால் அது போச்சு. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்புக்கு நான் அதைப் போட்டுக் கொடுப்பதில்லை.

## அறிகுறி 4: சாப்பிட்டு வந்து தொட்டால் பத்து நொடி உறைந்துவிட்டு அப்புறம் ஓடுகிறது

டிஸ்க் தூங்கிவிட்டது, எழுந்து சுழல நேரம் எடுக்கிறது. அதே `Power Options`-இல் `Turn off hard disk after` என்பதை 0 ஆக்குங்கள். அப்படியும் தூங்கினால் டிரைவின் கேஸே தன் கணக்குக்குத் தூங்க வைக்கிறது. தயாரிப்பாளரின் சாஃப்ட்வேரில் தூங்கும் நேரம் மாற்ற வழியிருந்தால் மாற்றலாம், இல்லையென்றால் அதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள், பழுது இல்லை.

## அறிகுறி 5: நேற்று விளையாடிய கேமுக்கு ஸ்டீம் இன்று `Install` காட்டுகிறது

பதறி மறுபடி டவுன்லோட் போட்டுவிடாதீர்கள். வேறொரு பென் டிரைவ் முன்னால் செருகியிருந்ததால் உங்கள் டிரைவ் `E:`-யிலிருந்து `F:` ஆகியிருக்கும். `diskmgmt.msc` திறந்து, டிரைவின் மேல் வலது கிளிக், `Change Drive Letter and Paths`, ஆங்கில எழுத்து வரிசையில் பின்னால் இருக்கும் ஒன்றை, `S:` மாதிரி, கொடுத்துவிடுங்கள். பென் டிரைவ்கள் முன்னால் இருக்கும் எழுத்தைத்தான் பிடிக்கும். பிறகு ஸ்டீம் `Settings`, `Storage` போய் அந்த டிரைவைச் சேர்த்தால் கேம் திரும்ப வந்துவிடும். இனிமேல் டிரைவைச் செருகிவிட்டு அப்புறம் ஸ்டீமைத் திறப்பது நல்லது.

## அறிகுறி 6: அப்டேட் 2 ஜிபிதான், ஆனால் ஒரு மணி நேரமாக முடியவில்லை

நெட்டைக் குறை சொல்லும் முன் ஸ்டீமின் `Downloads` பக்கத்தைப் பாருங்கள். டவுன்லோட் முடிந்து டிஸ்க் வேலை மட்டும் ஓடுகிறதென்றால், பெரிய பழைய ஃபைலைப் படித்து, மாற்றி, புதிதாக முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறது. 2 ஜிபி அப்டேட்டுக்கு 60 ஜிபி எழுதுவதெல்லாம் நடக்கும். டிஸ்கில் காலி இடம் குறைவாக இருந்தால் இன்னும் மோசம், முதலில் இடம் ஒதுக்குங்கள். பல 2.5 அங்குல ஹார்ட் டிஸ்குகள் எஸ்எம்ஆர் வகை, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்த மாதிரி எழுதுபவை, தொடர்ந்து எழுதினால் வேகம் 10 எம்பிக்கும் கீழே சரியும். அதில் அடிக்கடி அப்டேட் வரும் ஆன்லைன் கேம்களை வைக்காதீர்கள், அவற்றை உள் டிஸ்கில் வைத்துவிட்டு, முடிந்துபோன கதை கேம்களை இதற்கு அனுப்புங்கள்.

## அறிகுறி 7: டிரைவை மாட்டினால் வயர்லெஸ் மவுஸ் துள்ளுகிறது

கேம் நன்றாக ஓடுகிறது, குறி மட்டும் தாவுகிறது. யூஎஸ்பி 3.0 ஓடும்போது கேபிளிலிருந்தும் பிளக்கிலிருந்தும் வருகிற இரைச்சல், மவுஸ் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் விழுகிறது. இன்டெல் 2012-இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டது. மவுஸ் ரிசீவரை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது அதை மட்டும் ஒரு குட்டி நீட்டிப்பு கேபிளில் போட்டுத் தள்ளி வையுங்கள். வைஃபை 2.4-இல் இருந்தால் 5-க்கு மாற்றுங்கள். திருவாரூர் தம்பிக்கு ரிசீவர் எதிர்ப்பக்கம் போய்விட்டதால் இந்தச் சிக்கல் வரவே இல்லை.

## அறிகுறி 8: கன்சோல் இந்த டிரைவிலிருந்து ஓட்ட மறுக்கிறது

இதில் பழுது பார்க்க ஒன்றுமில்லை. பிஎஸ்5 கேமை யூஎஸ்பி டிரைவில் சேமித்து வைக்கலாம், அங்கிருந்து ஓட்ட முடியாது; பிஎஸ்4 கேம் என்றால் ஓட்டலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் அந்தத் தலைமுறைக்கென்று எழுதிய கேம்கள் யூஎஸ்பியிலிருந்து ஓடாது, எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்து கேம்கள் ஓடும். இரண்டுமே 3.0 வேக இணைப்பு கேட்கும், அதனால் இங்கேயும் சார்ஜர் கேபிள் போட்டால் டிரைவை ஏற்றுக்கொள்ளாது.

## அறிகுறி 9: டிக் டிக் என்று சத்தம், அல்லது டிரைவ் சுழலவே இல்லை

உடனே கழற்றுங்கள். `chkdsk` ஓட்டாதீர்கள், மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு சுழற்சியிலும் உள்ளே சேதம் கூடும். சத்தம் இல்லை, ஆனால் `CrystalDiskInfo` மஞ்சளில் `Caution` காட்டி, `C5` வரிசை எண் நாளுக்கு நாள் ஏறுகிறதென்றால் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, முக்கியமானதை முதலில் வெளியே எடுங்கள்.

அதில் கேம் மட்டும்தான் இருக்கிறதா, கல்யாண வீடியோவோ புராஜெக்டோ இருக்கிறதா என்று யோசித்துவிட்டு ரெக்கவரிக்கு அனுப்புங்கள். கேமை மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளலாம். சேவ் ஃபைல்கள் பெரும்பாலும் `C:` டிரைவில் `Documents` அல்லது `AppData`-வுக்குள்ளும், பல கேம்களுக்கு ஸ்டீம் கிளவுடிலும் இருக்கும், வெளி டிரைவோடு அவை போகாது. கேம் மட்டும் இருந்த டிரைவுக்கு ரெக்கவரி லேபில் கேட்கும் பணத்தில் புது எஸ்எஸ்டியே வாங்கிவிடலாம்.